கண்காட்சிக்கு ஸ்டால் போடச் சொல்கிறார்கள், மேடையில் பேசவும் கூப்பிடுகிறார்கள்: முடியாது என்று சொல்வது எப்படி?

மணலி, சாத்தாங்காடு, திருவொற்றியூர் பக்கம் பட்டறை போட்டு இரண்டு மூன்று வருடம் ஓடிவிட்டால் இந்த அழைப்பு எப்படியும் வந்து சேரும். சங்கத்துச் செயலாளர் போன் செய்வார். "தம்பி, பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் கண்காட்சி. நம்ம ஏரியா சார்பா நீங்க ஒரு ஸ்டால் போடணும். கருத்தரங்கில் இருபது நிமிஷம் பேசவும் செய்யணும்." கூப்பிட்டதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த வாரம் உங்கள் ஃபிட்டர்கள் எல்லோரும் ஆலைக்குள் ஷட்டவுன் வேலையில் இருப்பார்கள். முடியாது என்று சொல்லியாக வேண்டும். அதே செயலாளர் முகத்தில் அடுத்த மாதக் கூட்டத்திலும் விழித்தாக வேண்டும்.

இதை எப்படிச் செய்வது என்று ஒரு வால்வு பழுதுபார்க்கும் பட்டறையை வைத்து படிப்படியாகச் சொல்கிறேன். எட்டுப் பேர் வேலை செய்யும் சிறு பட்டறை. மணலி ஆலைகளில் இருந்து கேட் வால்வு, குளோப் வால்வு வரும். சீட்டை லேப்பிங் செய்து, கிளாண்ட் பேக்கிங் மாற்றி, ஹைட்ரோ டெஸ்ட் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

முதல் வேலை: கேட்பது எத்தனை விஷயம் என்று பிரித்துப் பாருங்கள்

ஒரே போன் காலில் வந்தாலும் இது பெரும்பாலும் ஒரு அழைப்பு இல்லை. பேச்சு ஒன்று, ஸ்டால் ஒன்று. சில சமயம் மலரில் விளம்பரமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் ஒன்றாக மறுத்தால் உங்களால் முடிந்ததையும் சேர்த்து மறுத்தவர் ஆவீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பில் வரும்போதுதான் விஷயம் புரியும். அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, பேசறது தனியா, ஸ்டால் தனியா? ஸ்டால் எடுத்தாத்தான் பேச முடியுமா?"

இந்தக் கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும். சங்கம் நடத்தும் கருத்தரங்கில் பேச்சு பெரும்பாலும் தனி. கண்காட்சி நடத்தும் கம்பெனியின் விற்பனைப் பிரிவு கூப்பிட்டால், ஸ்டால் எடுப்பவருக்கு மேடையில் பதினைந்து நிமிடம் என்று பேக்கேஜாக இருக்கும். அங்கே பேச்சு என்பது ஸ்டால் விற்கும் வழி. அவர்களிடம் மறுப்பது சுலபம். இரண்டு வரி போதும், மாற்று எதையும் தேடித் தர வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை சொல்வதெல்லாம் சங்கத்துக்காரரிடம், தெரிந்தவரிடம் மறுப்பது பற்றித்தான்.

இன்னும் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்காட்சி எத்தனை நாள், அதற்கு முன்னால் ஸ்டால் அமைக்கும் நாளும் பின்னால் பிரிக்கும் நாளும் எவை? அழைப்பிதழ் எப்போது அச்சுக்குப் போகிறது? ஸ்டால் விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் ரத்து விதி என்ன சொல்கிறது? இந்த மூன்றிலும் நடுவில் உள்ளதுதான் முக்கியம். நம் ஊரில் அழைப்பிதழில் பெயர் ஏறிய பிறகு விலகுவது, விழா நாள் அன்று வராமல் போவதற்குச் சமம். யாருக்குப் பிறகு யார் பெயர் என்பதற்கே இரண்டு கூட்டம் போட்டிருப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் வரும் "முடியாது" அவர்களுக்கு ஒரு வேலை. அச்சான பிறகு வந்தால் அது அவமானம்.

யோசிக்க நேரம் வாங்கும்போது

"பார்க்கலாம்ண்ணே" என்று வைக்காதீர்கள். நீங்கள் மறுப்பாக நினைத்துச் சொல்வீர்கள். கேட்பவர் பாதிச் சம்மதமாக எழுதிக்கொள்வார். பெயர்ப் பட்டியல் தயாராகும்போது அந்தப் பாதி முழுசாகிவிடும். அதற்குப் பதில் ஒரு நாளைச் சொல்லுங்கள்: "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடியும், முடியாதுன்னு தெளிவா சொல்லிடறேன். அதுவரைக்கும் என் பேரைப் போட வேண்டாம்ண்ணே." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில்தான் அதிகம் வழுக்கும். குழுவில் ஃபிளையரின் மாதிரியைப் போடுவார்கள். மரியாதைக்குக் கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் போடுவீர்கள். அது "பார்த்தேன்" என்பதா, "சரி" என்பதா என்று அப்புறம் யாரும் ஆராயப் போவதில்லை. ஸ்டாலுக்கு ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பினாலும் அப்படித்தான். ப்ரோஃபார்மா என்பது விலை சொல்லும் தாள்; அது வந்துவிட்டதால் மட்டும் நீங்கள் பணம் தர வேண்டியவர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் அதற்கு "ஓகே" என்று பதில் போட்டால் ஒப்புதல் கொடுத்ததாக வாதாட இடம் கிடைக்கும். "கிடைத்தது. முடிவை வியாழக்கிழமை சொல்கிறேன்" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.

காரணத்தை முதலில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்

சொல்லும் காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. எதிரில் இருப்பவர் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டாலும் நிற்க வேண்டும். பணம் இல்லை என்றால் சலுகை தருவார்கள். தேதி ஒத்துவரவில்லை என்றால், "கடைசி நாள் மத்தியானம் மட்டும் வந்து பேசிட்டுப் போங்க" என்பார்கள். அந்தச் சலுகையும் அந்த மத்தியானமும் கிடைத்தால் நீங்கள் போவீர்களா? போக மாட்டீர்கள் என்றால் நீங்கள் சொன்னது உண்மையான காரணம் இல்லை.

நம் வால்வு பட்டறையில் ஸ்டாலுக்கும் பேச்சுக்கும் காரணம் வேறு வேறு. அதைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் மாற்று எது என்பதும் தெரியும்.

முதலில் ஸ்டால். சாதாரணமாகக் கிடைப்பது மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், அதாவது ஒன்பது சதுர மீட்டர். தடுப்புச் சுவர், மேலே பெயர்ப் பலகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, விளக்கு, ஒரு பிளக் பாயின்ட். கணக்குக்காகச் சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டால் 90,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 16,200, மொத்தம் 1,06,200. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 16,200 வரவாகத் திரும்பும். காம்பொசிஷனில் இருப்பவருக்கு அதுவும் திரும்பாது. "சிறுதொழிலுக்கு அரசு மானியம் இருக்கே" என்பார் செயலாளர். இருக்கிறது. ஆனால் அதற்கெனத் தேர்ந்தெடுத்த கண்காட்சிகளுக்கு மட்டும்தான், அதுவும் பணத்தை நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும்.

பணத்தைக்கூட ஒருவழியாகப் புரட்டிவிடலாம். ஆளைப் புரட்ட முடியாது. நான்கு நாள் கண்காட்சி, ஒரு நாள் அமைக்க, ஒரு நாள் பிரிக்க. வருகிறவர் சீட் ஏன் ஒழுகுகிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் ஸ்டாலில் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர் இந்தப் பட்டறையில் இரண்டே பேர். இருவர் பெயரிலும் ஷட்டவுனுக்குக் கேட் பாஸ் போட்டாகிவிட்டது, பாதுகாப்புப் பயிற்சியும் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் பாஸ் உள்ள ஒருவரை வெளியே எடுத்தால், அவர் இடத்துக்கு இன்னொருவரை அன்றே உள்ளே அனுப்பிவிட முடியாது.

ஆனால் "ஷட்டவுன் இருக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஷட்டவுன் தேதி நகரும், இந்தப் பக்கம் வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். இரண்டு வாரம் தள்ளிப் போனால், "அதான் தள்ளிப் போச்சே, ஸ்டால் போடலாமே" என்று போன் வரும். உண்மையில் தள்ளிப் போனாலும் நீங்கள் மாட்டியபடிதான் இருப்பீர்கள். புதுத் தேதிக்காக ஆட்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் அல்லவா? அதனால், "பிப்ரவரி, மார்ச் இரண்டு மாசமும் எங்க ஆளுங்களை ஷட்டவுனுக்குன்னு ஒதுக்கிட்டோம், தேதி முன்னப்பின்ன ஆனாலும் இதான் நிலைமை" என்று சொல்லுங்கள். இந்தக் காரணத்தை யாரும் தள்ளிவைக்க முடியாது.

அடுத்து பேச்சு. அதற்கு ஷட்டவுன் காரணமே இல்லை. முதலாளி இருபது நிமிடம் வந்து பேசிவிட்டுப் போக முடியும். சிக்கல், பேசச் சொன்ன தலைப்பில். "வால்வுகள் ஏன் பழுதாகின்றன: கள அனுபவம்." கள அனுபவம் முழுக்க வாடிக்கையாளருடையது. வால்வு எந்த லைனில் இருந்தது, உள்ளே என்ன ஓடியது, எத்தனை மாதத்தில் சீட் அரித்தது என்பதெல்லாம் ஆலையின் தகவல். வேலை ஆணையின் நிபந்தனைகளில் ரகசியம் காப்பது பற்றி ஒரு பத்தி அநேகமாக இருக்கும். யாரும் படிப்பதில்லை, ஆனால் இருக்கும். பேசச் சம்மதிக்கும் முன் அதைத் தேடிப் படியுங்கள்.

"பேரைச் சொல்லாமப் பேசுங்க" என்று யோசனை சொல்வார்கள். பெரிய ஊரில், பல ஆலைக்கு வேலை செய்யும் பெரிய கம்பெனிக்கு அது சரிப்படும். மணலியில் நின்று "இங்கே ஒரு ரிஃபைனரியில்" என்று ஆரம்பித்தாலே போதும், இருப்பதே ஒன்றுதான். உரம், பெட்ரோகெமிக்கல் என்று சொன்னாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். மண்டபத்தில் முன் வரிசையில் அந்த ஆலையின் பராமரிப்பு இன்ஜினியரே உட்கார்ந்திருப்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த டெண்டர் விசாரணை உங்களுக்கு வராது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாது.

மாற்று: கொடுக்க முடிந்ததை மட்டும்

மறுக்கும்போது கூடவே ஏதாவது தர வேண்டும் என்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. செயலாளருக்கு நிரப்ப வேண்டிய இரண்டு காலியிடம் இருக்கிறது: மேடையில் இருபது நிமிடம், தரையில் ஒன்பது சதுர மீட்டர். நீங்கள் சொல்லும் மாற்று இந்த இரண்டில் ஒன்றையாவது அடைக்க வேண்டும். "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்பது எதையும் அடைக்காது. போதாக்குறைக்கு அடுத்த வருடம் அந்த வரியைக் காட்டியே படிவம் வரும்.

நம் பட்டறை மூன்று மாற்றுகளை யோசித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருந்தது.

ஒன்று, வேறு பேச்சாளர். பெரம்பூரில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். பாலிடெக்னிக்கில் வகுப்பெடுக்கிறவர், நன்றாகப் பேசுவார். அவர் பெயரைச் செயலாளரிடம் சொல்வதற்கு முன் அவரிடமே கேட்டுவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் மாற்றே கெட்டுப்போகும். செயலாளர் நேராகப் போன் செய்து அவர் "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்றால், நீங்கள் வேலையைத் தள்ளிவிட்டு ஓடியவர் ஆகிவிடுவீர்கள். அவரிடம் கேட்கும்போது தேதி, நேரம், தமிழிலா ஆங்கிலத்திலா, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் சொல்லிவிடுங்கள். தலைப்பை மாற்றுங்கள். "கள அனுபவம்" என்றால் உங்களுக்கு இருந்த அதே சிக்கல் அவருக்கும் இருக்கும், ஓய்வு பெற்றதால் பழைய ஆலையின் ரகசியம் அவருடையது ஆகிவிடாது. அவருக்கு ஒத்துவந்த தலைப்பு: "வால்வை டெஸ்ட் செய்வது எப்படி: ஏபிஐ 598 சொல்வது என்ன?" அது வெளியில் எவரும் வாங்கிப் படிக்கக்கூடிய தர விதி. பாடிக்கு ஒன்றரை மடங்கு அழுத்தம், சீட்டுக்கு 1.1 மடங்கு, எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்று பொதுவாகப் பேசலாம். யாருடைய ஆலையும் நடுவில் வராது.

இரண்டு, ஸ்டாலுக்குப் பதில் பொருள். சங்கத்துக்குப் பொது ஸ்டால் ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் பேனரும் பிரசுரமும்தான், நின்று பார்க்க ஒன்றும் இருக்காது. அங்கே வைக்க, குறுக்காக வெட்டிய கேட் வால்வு ஒன்று தரலாம். இரண்டு இஞ்ச், கிளாஸ் 150 போதும். ஒருவரே தூக்கிவிடலாம், மேசையும் தாங்கும். வெட்டிய முகப்புக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தால் உள்ளே வெட்ஜ் எப்படி இறங்குகிறது, சீட் எங்கே உட்கார்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும். இதில் கண்ணி: பட்டறையில் கழித்துப் போட்டதாகக் கிடக்கும் வால்வை வெட்டிவிடாதீர்கள். அது ஆலையின் சொத்தாக இருக்கும், திருப்பிக் கணக்குக் காட்ட வேண்டியதாக இருக்கும். டேக் நம்பர் தகடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால் எந்த ஆலை, எந்த லைன் என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய வால்வை உங்கள் பெயரில் பில் போட்டு வாங்கி வெட்டுங்கள்.

மூன்று, பட்டறைக்கே வந்து பார்ப்பது. கண்காட்சிக்கு வந்தவர்களில் விருப்பம் உள்ள பத்துப் பேரை ஒரு சனிக்கிழமை காலை வரச் சொல்லலாம். திருவொற்றியூர் வரை மெட்ரோ இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. லேப்பிங் பிளேட்டில் ஒரு டிஸ்கைத் தேய்த்துக் காட்டி, ஒரு வால்வை ஹைட்ரோ டெஸ்ட்டில் ஏற்றினால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. பார்க்க வைக்கும் வால்வும் உங்களுடையதாக இருக்க வேண்டும், தண்ணீரில் மட்டும் டெஸ்ட் செய்ய வேண்டும். அழுத்தக் காற்றில் ஏதாவது பிய்த்துக்கொண்டால் ஆளை அடிக்கும். தண்ணீர் டெஸ்ட்டிலும் யாரும் ஃபிளாஞ்சுக்கு நேராக நிற்கக் கூடாது. இதற்கு நாளைச் சொல்வதில் கவனம் தேவை. "ஷட்டவுன் முடிந்ததும்" என்றால் செயலாளரால் எதிலும் எழுத முடியாது. "ஏப்ரல் இரண்டாம் சனி, தவறினால் மூன்றாம் சனி" என்றால் எழுதிக்கொள்வார்.

மூன்றையும் தர வேண்டியதில்லை. பேச்சுக்கு ஒன்று, ஸ்டாலுக்கு ஒன்று, மொத்தம் இரண்டு போதும். மூன்று நான்கு என்று அடுக்கினால் மறுப்பது மறைந்துபோய், பேரம் பேசுவது போல ஆகிவிடும். நம் பட்டறை பட்டறைப் பார்வையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் இரண்டை மட்டும் சொன்னது. அது நல்ல யோசனை, ஏனென்று கீழே தெரியும்.

போட்டிப் பட்டறைக்காரரின் பெயரை மாற்றாகச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம், அவருக்கும் அதே ஷட்டவுன்தான் என்பதை மறக்காமல்.

முதலில் போன், அன்றே கடிதம்

தெரிந்தவருக்கு மறுப்பை முதலில் எழுத்தில் அனுப்பினால் சுருக்கென்று இருக்கும். வெறும் போனோடு நிறுத்தினால் சங்கத்தில் மற்றவர்களுக்கு அது போய்ச் சேராது. அழைப்பிதழ் வேலையைப் பார்ப்பவர் வேறொருவராக இருப்பார். ஆகவே போன் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் கடிதம். போனில் முதல் நிமிடத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, மழை எப்படி, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசை எப்படி என்று பத்து நிமிடம் போனால் அப்புறம் வாய் வராது.

"அண்ணே, வணக்கம். வியாழக்கிழமை சொல்றேன்னு சொல்லியிருந்தேன். இந்தத் தடவை ஸ்டாலும் முடியாது, பேசவும் முடியாதுண்ணே. ஆனா ரெண்டுக்கும் வழி கொண்டு வந்திருக்கேன், சொல்லட்டுமா?"

கடிதம் இப்படி இருக்கலாம். போனில் அண்ணனாக இருந்தவர் இங்கே செயலாளர் ஆகிவிடுவார். கடிதம் செயற்குழுவில் படிக்கப்படும்.

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

பிப்ரவரி மாதக் கண்காட்சியில் ஸ்டால் அமைக்கவும் கருத்தரங்கில் பேசவும் எங்கள் பட்டறையை அழைத்ததற்கு நன்றி. இந்த ஆண்டு இரண்டிலும் எங்களால் பங்கேற்க இயலாது. அழைப்பிதழிலும் விளம்பரங்களிலும் எங்கள் பெயரையும் சின்னத்தையும் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்கள் பணியாளர்கள் ஷட்டவுன் பணிக்கு ஒதுக்கப்பட்டுள்ளனர். தேதி மாறினாலும் இந்த ஒதுக்கீடு மாறாது. வாடிக்கையாளர்களின் பணி விவரங்களைப் பொது மேடையில் பேச எங்களுக்கு அனுமதி இல்லை.

கருத்தரங்குக்கு: ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினியர் ஒருவர், வால்வு டெஸ்ட் முறைகள் பற்றித் தமிழில் இருபது நிமிடம் பேச இசைந்துள்ளார். உங்களுக்குச் சம்மதம் என்றால் அவரது எண்ணை அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்குள் தெரிவித்தால் அவருக்கு வசதியாக இருக்கும்.

பொது ஸ்டாலுக்கு: குறுக்காக வெட்டிய இரண்டு இஞ்ச் கேட் வால்வு ஒன்றைக் காட்சிக்குத் தருகிறோம். அமைக்கும் நாள் காலை எங்கள் பட்டறையில் எடுத்துக்கொண்டு, கண்காட்சி முடிந்த மூன்று நாளில் திருப்பித் தர வேண்டுகிறோம்."

"இயலாது" என்ற வாக்கியம் இரண்டாவதாகவே வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் "மிகுந்த வருத்தத்துடன்", "எதிர்பாராத சூழ்நிலையால்" என்று எதையும் மாட்டவில்லை. அந்தச் சொற்களைப் பார்த்ததும் படிப்பவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். காரணம் மூன்றே வாக்கியம். ஆலையின் பெயர் கடிதத்திலும் இல்லை, அது செயற்குழுவில் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. மாற்றுகள் இரண்டிலும் அடுத்து யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. பேச்சாளரின் எண்ணைக் கடிதத்தில் போடாதது வேண்டுமென்றேதான்.

திரும்பி அழுத்தினால்

அழுத்துவார்கள். அது அவர்கள் வேலை. நம் பட்டறைக்கு வந்த பதில்கள் இவை.

"பாதி விலைக்கு ஸ்டால் தர்றோம் தம்பி." காரணத்தில் பணம் வரவே இல்லை என்பதால் பதில் எளிது: "விலை பிரச்சினை இல்லண்ணே. நிக்க ஆள் இல்ல." இதற்குமேல் விளக்க வேண்டாம். விளக்கம் நீள நீள அவருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

"சரி, பேரை மட்டும் போட்டுக்கறோம். ஆதரவுன்னு ஒரு ஓரத்துல." கேட்க ஒன்றும் இல்லாதது போல இருக்கும். ஆனால் ஆதரவாளர் பட்டியலில் பெயர் வந்தால், அடுத்து அதற்கான தொகை என்று ஒரு தாள் வரலாம். உங்களைப் பார்க்க வருபவர் ஸ்டாலைத் தேடி அலைவார். "பொருள் குடுக்கறோமே, அந்த வால்வுக்குப் பக்கத்துல ஒரு சின்ன அட்டையில பேர் இருந்தாப் போதும்ண்ணே" என்று மாற்றின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

"நீங்க பேசினாத்தான் நம்ம ஏரியாவுக்கு மரியாதை. வெளியாள் பேசினா யார் கேப்பா?" இதுதான் கஷ்டமான பதில், ஏனென்றால் இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இங்கேதான் கையில் வைத்திருந்த மூன்றாவது மாற்று உதவியது: "அப்படின்னா ஒண்ணு பண்றேன். ஏப்ரல் ரெண்டாம் சனிக்கிழமை பத்துப் பேரை நம்ம பட்டறைக்கு அனுப்புங்க, நானே காட்டறேன். கருத்தரங்கில் அதை அறிவிச்சுடுங்க." அவர் கேட்டது ஏரியாக்காரர் ஒருவரின் முகம், அது கிடைத்துவிட்டது. இதற்கு மேலும் அழுத்தினால் புதிதாக எதையும் தராதீர்கள், ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சரி சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் போதாது. படிவத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணமும் கட்டியிருந்தால் ரத்து விதியைப் படித்து, எந்தத் தேதிக்குள் சொன்னால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பார்த்து, அந்தத் தேதிக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள். அங்கே பொருத்தமான மாற்று, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் இன்னொரு பட்டறை. ஆனால் ஸ்டாலை நீங்களாகவே இன்னொருவருக்குக் கொடுக்கப் பெரும்பாலான படிவங்கள் அனுமதிக்காது. கண்காட்சி நடத்துபவர் வழியாகப் பெயரை மாற்ற வேண்டும், பில்லும் புதியவர் பெயரில் போட வேண்டும்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை

அழைப்பிதழ் மாதிரியும் ஃபிளையரும் வெளிவரும்போது ஒரு முறை கண் ஓட்டுங்கள். பழைய பட்டியலை நகல் எடுத்து உங்கள் பெயரைப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, யாரோ பழைய கோப்பைத் திறந்துவிட்டார்கள். கண்டதும் கடிதத் தேதியைக் குறிப்பிட்டுச் செயலாளருக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். குழுவில் போட்டுக் கேட்காதீர்கள். அவரே மாற்றிவிட்டு மாற்றியதை அனுப்புவார்.

பேச்சாளரை அறிமுகம் செய்ததோடு உங்கள் பங்கு முடியவில்லை. செயலாளர் சம்மதித்ததும் அவருக்கும் பேச்சாளருக்கும் சேர்த்து ஒரே செய்தியில் தலைப்பு, நேரம், மண்டபம் மூன்றையும் எழுதிவிடுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன் பேச்சாளருக்கு ஒரு போன். சங்கத்தில் இருந்து யாரும் அவரை அழைக்கவில்லை என்றால் அப்போதுதான் தெரியும்.

வெட்டிய வால்வை அனுப்பும்போது டெலிவரி சலான் எழுதி, விற்பனைக்கு அல்ல, காட்சிக்கு, திரும்ப வரும் என்று அதில் குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புக்குத்தான் இ-வே பில். இந்த வால்வு அதற்கு வெகு கீழே. எடுத்துப் போகிறவரின் பெயரும் கையெழுத்தும் சலான் நகலில் இருக்கட்டும். கண்காட்சி பிரிக்கும் இரவு நந்தம்பாக்கத்தில் எல்லாருடைய பொருளும் ஒரே வண்டியில் ஏறும், அடுத்த நாள் எது யாருடையது என்று கேட்டு ஆள் அலைவார்கள். வால்வின் அடியில் பட்டறைப் பெயரையும் போன் எண்ணையும் பஞ்ச் அடித்து வைத்தால் அது மூன்று நாளில் வீடு வந்து சேரும்.